ஓவர் புத்தகத்தில் எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ஒரு மருத்துவமனையில் 30 படுக்கைகள் கொண்ட பொது மருத்துவ வார்டுக்குப் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். ஓவர் புத்தகத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் அரைப் பக்கம் எழுதுகிறோம். அடுத்த ட்யூட்டிக்கு வருபவர்கள் அதைப் படிப்பதில்லை. சுருக்கச் சொன்னால் ‘ஸ்டேபிள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். செய்ய வேண்டிய பரிசோதனை விட்டுப்போகிறது. நோயாளியின் நிலை, மீதி வேலை, எச்சரிக்கை ஆகிய மூன்றையும் சுருக்கமாகவும் விடுபடாமலும் எப்படி எழுதச் சொல்வது?

பதில்: கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே இருப்பதை ஓவர் புத்தகத்தில் திரும்ப எழுதுவதை நிறுத்தினாலே அரைப் பக்கம் வெகுவாகக் குறைந்துவிடும். சேர்க்கையின் வரலாறு, கொடுத்து முடித்த மருந்துகளின் பட்டியல், இயல்பாக வந்த பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றுக்குக் கேஸ் ஷீட்டே இடம். அடுத்து வரும் செவிலியர் தம் ட்யூட்டி நேரத்துக்குள் எதைப் பார்க்க வேண்டும், எதை எத்தனை மணிக்குச் செய்ய வேண்டும், எது நடந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பவை மட்டுமே ஓவர் புத்தகத்துக்கு உரியவை. இப்படிப் பொதுவாகச் சொன்னால் உங்கள் செவிலியர்கள் மீண்டும் ‘ஸ்டேபிள்’ என்றுதான் எழுதுவார்கள் என்பதால், உங்கள் பகுதியில் அடிக்கடி வரும் ஒரு நோயாளியை வைத்தே விளக்குகிறேன். இது விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டு.

குலசேகரம் பக்கம் விடியற்காலையில் தலைவிளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போன 46 வயது ஆணுக்கு, காலை 5 மணிக்கு வலது பாதத்தில் பாம்பு கடித்திருக்கிறது. எடை 60 கிலோ. அவரது ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்த்தபோது உறையவில்லை. ஆகவே நஞ்சுமுறிவு மருந்து 10 குப்பி 7.30 மணிக்குத் தொடங்கி 8.30 மணிக்கு முடிந்தது. ரத்த உறைதல் காரணிகளைக் கல்லீரல் மீண்டும் உண்டாக்கிக்கொள்ள ஏறத்தாழ 6 மணி நேரம் பிடிக்கும் என்பதால், மருத்துவர் மறுபரிசோதனையை மதியம் 2.30 மணிக்கு எழுதியிருக்கிறார். காலை ட்யூட்டி முடிவதோ 2 மணிக்கு. முக்கியமான பரிசோதனை, ஓவர் கொடுத்து அரை மணி நேரம் கழித்து விழுகிறது; பழையவர் பேருந்து பிடிக்கக் கிளம்பியிருப்பார், புதியவர் 30 படுக்கைகளையும் சுற்றி முடித்திருக்க மாட்டார். விட்டுப்போகும் வேலைகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

வழக்கமான பதிவு இப்படி இருக்கும்: “பாம்புக்கடி. ஏ.எஸ்.வி. 10 குப்பி போட்டாயிற்று. பொதுநிலை பரவாயில்லை. சிறுநீர் 175 மி.லி. ரத்தப் பரிசோதனை பார்க்கவும்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பரிசோதனை, எத்தனை மணிக்கு, முடிவு மோசமாக வந்தால் என்ன செய்வது என்பது எதுவும் தெரியவில்லை. அதைவிட முக்கியமான வேறொன்றும் இதில் மறைந்துபோய்விட்டது.

அந்த 175 மி.லி.யைப் பாருங்கள். காலை 8 முதல் 1.45 வரையான நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 30 மி.லி. வரும், கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு அது குறைந்தபட்ச அளவை எட்டிவிட்டதாகத் தோன்றும். ஆனால் உள்ளே-வெளியே அட்டவணையில் 8 முதல் 11 வரை 120, 11 முதல் 1.45 வரை 55 என்று இருக்கிறது. அதாவது மணிக்கு 40 ஆக இருந்தது 20 ஆகக் குறைந்துவிட்டது. ரத்தத்தை உறையவிடாத கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகமும் பாதிக்கப்படுவது நன்கு அறியப்பட்ட சிக்கல். இந்த மனிதரிடம் அதன் முதல் அறிகுறி தெரியத் தொடங்கியிருக்கலாம். மொத்தத்தை மட்டும் எழுதியதால் அது கண்ணில் படாமல் போய்விட்டது. ஆகவே நிலை என்ற பகுதிக்கு நான் வற்புறுத்தும் ஒரே விதி இதுதான்: மாறக்கூடிய எந்த அளவையும் தனியாக எழுதக் கூடாது, முந்தைய அளவையும், இரண்டும் எடுத்த நேரத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘ஸ்டேபிள்’, ‘பரவாயில்லை’ போன்ற சொற்களை உங்கள் வார்டில் அடியோடு விலக்கிவிடலாம். இரண்டு அளவுகள் அருகருகே இருந்தால் நிலை சீராக இருக்கிறதா என்பது படிப்பவருக்குத் தானே விளங்கும்.

அதே நோயாளிக்கு நான் ஏற்கும் பதிவு பின்வருமாறு.

“படுக்கை 14, பெயர், உள்நோயாளி எண். ஆண், 46, 60 கிலோ. பாம்புக்கடி, வலது பாதம், காலை 5.

நிலை: 1.45க்கு நினைவு தெளிவு, நாடி 96 (11 மணிக்கு 88), ரத்த அழுத்தம் 110/70 (118/76), மூச்சு 18 (18). வீக்கம் கணுக்காலுக்கு மேல் 8 செ.மீ. (11 மணிக்கு 5), தோலில் கோடு போட்டுள்ளது. ஈறுக் கசிவு 10 மணிக்கு நின்றது. சிறுநீர் 8–11: 120, 11–1.45: 55. சிறுநீர் குறைந்ததை 1.50க்குப் பணி மருத்துவரிடம் சொல்லியாயிற்று.

மீதி வேலை: 2.30க்கு 20 நிமிட உறைதல் சோதனை. கிரியேட்டினினுக்கும் அப்போதே ரத்தம் எடுக்கவும். 2.50க்குக் குழாயைப் பார்த்து, உறையவில்லை என்றால் உடனே பணி மருத்துவரை அழைக்கவும். உறைந்தால் அடுத்த சோதனை இரவு 8.30. 4 மணிக்குச் சிறுநீர் அளந்து மருத்துவரிடம் சொல்லவும்.

எச்சரிக்கை: தசை ஊசி கூடாது. காலை மருந்து ஏறும்போது உடலில் தடிப்பு வந்தது. மறுபடி போட்டால் அட்ரினலின் படுக்கையருகே வேண்டும். இமை சரிந்தாலோ, விழுங்க முடியவில்லை என்றாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ உடனே மருத்துவரை அழைக்கவும்.”

பழைய பதிவைவிட இது நீளம்தான். ஆனால் உங்கள் அரைப் பக்கத்தைவிடக் குறைவு. இதில் உள்ள ஒவ்வொரு வரியும் அடுத்த 6 மணி நேரத்தில் ஒருமுறையாவது பயன்படும்.

மீதி வேலைப் பகுதியில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, வேலை எழுதப்பட்ட இடத்திலேயே அதன் முடிவுக்கு ஏற்ப என்ன செய்வது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. ‘உறைதல் சோதனை 2.30’ என்று மட்டும் எழுதினால், செவிலியர் ரத்தம் எடுத்துக் குழாயை வைத்துவிட்டு வேறு படுக்கைக்குப் போய்விடுவார். 20 நிமிடம் கழித்துத் திரும்பி வந்து சாய்த்துப் பார்க்கும் பொறுப்பு எவர் மேலும் இருக்காது. தொடங்கும் நேரம், பார்க்கும் நேரம் இரண்டையும் எழுதி, ஒரே செவிலியரின் பெயரையும் எதிரே குறிக்க வேண்டும். இரண்டாவது, ஒரே ஊசிக் குத்தலில் இரண்டு பரிசோதனைக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறது. ரத்தம் உறையாதவருக்கு ஒவ்வொரு குத்தலும் கசியும் இடம் என்பதைக் காலையில் இருந்தவர் கண்ணால் பார்த்திருப்பார். மாலையில் வருபவருக்கு அதைத் தெரிவிப்பது இந்த ஒரு வரிதான்.

இந்தச் சோதனைக்குப் புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயும் 2 மி.லி. ரத்தமும் போதும். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத்தூளால் கழுவிய குழாயிலோ நல்ல ரத்தமும் உறையாமல் இருந்து தவறான முடிவைத் தரக்கூடும். நடுவில் குலுக்கிப் பார்ப்பதும் கூடாது. குழாய் இருக்கிறதா, நஞ்சுமுறிவு மருந்து இன்னொரு 10 குப்பி கையிருப்பில் இருக்கிறதா என்பதை ஓவர் கொடுப்பவரே 2 மணிக்கு முன் பார்த்து எழுதிவிட வேண்டும், 2.50க்குப் பிறகு மருந்தகத்துக்கு ஆளனுப்பும் நிலை வரக் கூடாது.

6 மணி நேரச் சுழற்சி இருக்கிறதே, அது இந்த நோயாளியிடம் ஒவ்வொரு முறையும் உங்களைச் சோதிக்கும். 2.30 முடிந்தால் அடுத்தது இரவு 8.30, அதுவும் இரவு ட்யூட்டிக்கு ஓவர் கொடுத்த அரை மணி நேரத்தில் வருகிறது. ஆகவே மாலைச் செவிலியர் ‘காலையில் எழுதியபடி’ என்று எழுதுவதை ஏற்காதீர்கள். முடியாத வேலையையும், அடுத்து வரவிருக்கும் வேலையையும் கிளம்புபவர் தம் கையால் புதிதாக எழுத வேண்டும். மீதி வேலைக்கு எதிரே ‘முடிந்த நேரம், கையொப்பம்’ என்று ஒரு பத்தியை விட்டுவைத்தால், ட்யூட்டி முடியும்போது காலியாக இருக்கும் கட்டங்களே அடுத்தவருக்கான பட்டியலாகிவிடும்.

எல்லா 30 பேருக்கும் இவ்வளவு எழுதத் தேவையில்லை. நாளை வீட்டுக்குப் போகவிருக்கும் காய்ச்சல் நோயாளிக்கு ‘காய்ச்சல் 2 நாளாக இல்லை, மீதி வேலை இல்லை, எச்சரிக்கை இல்லை’ என்று ஒரு வரி போதும். ‘இல்லை’ என்பதை எழுதியே ஆக வேண்டும். வெற்றிடம் இருந்தால் ஒன்றும் இல்லையா, எழுத மறந்ததா என்று தெரியாது. பதற்றம் தரும் நான்கைந்து நோயாளிகளின் படுக்கை எண்ணைப் பக்கத்தின் தலைப்பில் குறித்து, ஓவரை அவர்களிடமிருந்து தொடங்குங்கள். படுக்கை 1 முதல் வரிசையாகப் போனால் 14ஆம் படுக்கைக்கு வரும்போது 2.15 ஆகிவிடும்.

படிக்காமல் விடும் பழக்கத்துக்குப் புத்தகத்தால் மட்டும் தீர்வு கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஒன்பது நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளில் ஓவர் கொடுக்கும் முறையும் ஒன்று. கேள்வி கேட்க நேரம் தருவதும், பெற்றவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் அதில் உண்டு. தலைப்பில் குறித்த நோயாளிகளுக்கு மட்டுமாவது இருவரும் படுக்கையருகே நின்று, வருபவர் மீதி வேலையையும் எச்சரிக்கையையும் தம் வாயால் சொன்ன பிறகே கையொப்பமிடட்டும். வீக்கத்தின் கோட்டை இருவரும் ஒன்றாகப் பார்த்துவிட்டால், மாலையில் கோட்டைத் தாண்டியதா என்ற ஐயமும் எழாது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கேட்கக் கூடாத செய்தி ஏதேனும் இருந்தால் அதை மட்டும் செவிலியர் மேசையில் வைத்துச் சொல்லுங்கள்.

படுக்கை எண்ணை மட்டும் நம்பி எழுதவும் விடாதீர்கள். சாயங்காலம் நோயாளியை வேறு படுக்கைக்கு மாற்றுவதும், ஒரே பெயரில் இருவர் இருப்பதும் நம் வார்டுகளில் வழக்கம். பெயரோடு உள்நோயாளி எண்ணும் இருக்க வேண்டும். பாம்புக்கடி பல மருத்துவமனைகளில் மருத்துவ-சட்ட வழக்காகவும் பதிவாகிறது. ஓவர் புத்தகமும் பின்னர் கேட்கப்படலாம். தவறாக எழுதியதை வெள்ளை மையால் மறைக்காமல், படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை அருகில் எழுதி, நேரத்தோடு கையொப்பமிடச் சொல்லுங்கள்.