ரிவ்யூ மீட்டிங்: அஜெண்டா பாயின்ட் கேட்டால் யாரும் அனுப்புவதில்லை

"மாதக் கடைசி வெள்ளி ரிவ்யூ. பாயின்ட் இருந்தால் அனுப்புங்கள் என்று மெயில் போட்டால் ஒருவரும் அனுப்புவதில்லை. மீட்டிங்கில் உட்கார்ந்ததும் ஆளுக்கொன்றாகக் கிளப்புகிறார்கள். என்ன செய்யலாம்?"

நண்பரே, செவ்வாய் மாலை 4 மணி என்று கெடு வையுங்கள். புதன்கிழமை நீங்கள் அடுக்கி, வியாழன் காலை அஜெண்டாவை அனுப்பினால் மற்றவர்கள் கணக்கு வழக்கோடு வர நேரம் இருக்கும். முதல் மெயில் முந்தைய வாரமே போகட்டும்:

"வணக்கம். 28ஆம் தேதி ரிவ்யூவில் உங்கள் பிரிவு பேச வேண்டியதை 25ஆம் தேதி, செவ்வாய் மாலை 4 மணிக்குள் அனுப்பவும். விஷயம் ஒரு வரியில், எத்தனை நிமிடம், முடிவு வேண்டுமா தகவல் மட்டுமா என்று குறிப்பிடவும். எதுவும் இல்லையென்றால் 'இல்லை' என்று பதில் போடவும்."

'முடிவு வேண்டுமா தகவல் மட்டுமா' என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். "பர்சேஸ் தாமதம்" என்று மொட்டையாக வந்தால் அரை மணி நேரம் போய்விடும். "மாற்று சப்ளையருக்கு ஒப்புதல் வேண்டும், 10 நிமிடம்" என்று வந்தால், ஒப்புதல் தரவேண்டியவர் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வருவார்.

திங்களன்று நினைவூட்டலைப் பொதுவாகப் போடாமல், பதில் தராதவர்களுக்கு மட்டும் தனித்தனியாகப் போடுங்கள். கெடு தாண்டி வந்தது அடுத்த மாதத்துக்கு. நிஜமான அவசரம் என்றால் கடைசி 10 நிமிடம். இதை மேனேஜரிடம் முன்பே பேசி வையுங்கள். அவரே நடுவில் புதிதாக ஒன்றை ஆரம்பித்தால் (பெரும்பாலும் அவர்தான் ஆரம்பிப்பார்!) உங்கள் கெடுவை யாரும் மதிக்கமாட்டார்கள்.