அறிமுகத்தைக் கடைசியில் எழுதுங்கள்

வணக்கம் அக்கா,

நான் பி.எஸ்சி. நர்சிங் முதலாமாண்டு. பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. 'கிராமப்புறப் பாம்புக்கடியில் செவிலியரின் பங்கு' என்று ஆயிரம் சொல்லில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "ஆதிகாலம் முதல் பாம்புகள் மனிதனை அச்சுறுத்தி வருகின்றன. பாம்புகள் பல வகைப்படும்" என்று ஆரம்பித்தேன். மேடம் சிவப்பு மையில் 'தீசிஸ் எங்கே?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தீசிஸை எப்படி எழுதுவது? பத்தி எப்படிப் பிரிப்பது?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

அறிமுகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். கட்டுரை எதை நிறுவப்போகிறது என்று தெரியாமல் எழுதினால், எல்லோருக்கும் ஆதிகாலம்தான் வந்து நிற்கும்.

தீசிஸ் என்பது கட்டுரை முழுக்க நீங்கள் நிறுவப்போகும் ஒரே வாக்கியம். 'பாம்புக்கடியில் செவிலியர் முக்கியப் பங்கு வகிக்கிறார்' என்பது தீசிஸ் ஆகாது. அதை யாரும் மறுக்கப்போவதில்லை. என்ன பங்கு என்றும் அது சொல்லவில்லை. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றாலும், இந்த ஒரு வாக்கியத்தை முதலில் தமிழில் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு இப்படி:

"கடித்த பாம்பு தெரியாதபோது, விஷமுறிவு மருந்து தேவையா என்ற மருத்துவரின் முடிவு செவிலியரின் இரண்டு வேலைகளை நம்பியிருக்கிறது: ரத்தம் உறைகிறதா என்ற சோதனையைப் பிழையில்லாமல் செய்வது, கண்ணிமை தொங்குகிறதா என்று விடாமல் பார்ப்பது."

இதற்கு 'அப்படியா, எப்படி?' என்று ஒருவர் கேட்க முடியும். அந்தக் கேள்விக்குப் பதில்தான் கட்டுரை. பத்திகளின் வரிசையும் இதிலேயே இருக்கிறது: முதலில் ரத்தம், அப்புறம் இமை.

இனி அறிமுகம். ஆயிரம் சொல்லுக்கு நூறு சொல் போதும். இந்தத் தீசிஸ் புரிய வாசகருக்கு எது தெரிந்திருக்க வேண்டுமோ அதை மட்டும் சொல்லுங்கள். இருட்டில் வரப்பிலோ வைக்கோல் போரடியிலோ கடிபட்டவர் பாம்பைப் பார்த்திருக்காமல் போகலாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் பொது. அதனால் விஷம் ஏறியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அந்த மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்பதால், எல்லோருக்கும் ஏற்றிவிடவும் முடியாது. இந்த மூன்று செய்தி, அதன் கடைசி வரியாகத் தீசிஸ். 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது உண்மைதான். ஆனால் இங்கே அது அலங்காரம், எடுத்துவிடலாம்.

பத்திக்கு வருவோம். உங்கள் பத்தி அனேகமாக 'இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை என்பது...' என்று ஆரம்பிக்கும். அது பாடப்புத்தகக் குறிப்பு. பத்தியின் முதல் வாக்கியம் தீசிஸின் ஒரு துண்டைச் சொல்ல வேண்டும். பிறகு ஆதாரம், பிறகு அந்த ஆதாரத்தால் என்ன ஆகிறது என்ற விளக்கம். இதைப் பாருங்கள்:

"ரத்த உறைவுச் சோதனையின் நம்பகம், அதைச் செய்பவரின் கவனத்தில் இருக்கிறது. நோயாளியின் ரத்தம் சுமார் இரண்டு மி.லி. எடுத்து, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புத்தூளில் கழுவியதாக இருந்தாலோ, நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். அப்படி வரும் தவறான முடிவு, விஷம் ஏறாதவரையும் ஒவ்வாமை அபாயத்துக்குள் தள்ளும்."

கடைசி வாக்கியத்தைத்தான் முதலாமாண்டில் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். செய்முறையைச் சொன்னதும் பத்தி முடிந்தது என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்த வரி இல்லாவிட்டால் மேற்படி பத்தி லேப் ரெக்கார்டுதான். செய்முறை வாக்கியங்களுக்கு எங்கே படித்தீர்கள் என்று மேற்கோள் காட்டுங்கள். விளக்க வாக்கியம் உங்களுடையது.

அடுத்த பத்தி இமைக்கு எப்படிப் போகும்? 'அடுத்ததாக' என்று போட்டு ஒட்ட வேண்டாம். முந்தைய பத்தியின் குறையிலிருந்தே கிளம்பலாம்: ரத்தம் சரியாக உறைந்துவிட்டால் விஷம் ஏறவில்லை என்று ஆகிவிடாது, ஏனென்றால் கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது. தரையில் தூங்கியவரை ராத்திரியில் அது கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம். இமை தொங்குவது முதல் அடையாளங்களில் ஒன்று. அதனால் இமையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் கண் வேண்டும். இதற்கு இரண்டு பத்திகூடக் கொடுக்கலாம்: ஒன்று ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு, இன்னொன்று பார்த்ததை நேரம் போட்டுக் குறித்து மருத்துவரிடம் சொல்வதற்கு.

எழுதி முடித்ததும், பத்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதுங்கள். படித்தால் தீசிஸ் விரிந்து வர வேண்டும். 'பாம்புகளின் வகைகள்' மாதிரி ஒரு வரி நடுவில் ஒட்டாமல் நின்றால், எவ்வளவு பாடுபட்டு எழுதியிருந்தாலும் அந்தப் பத்தியைத் தூக்கிவிடுங்கள்.