கேசட்டில் இருக்கும் குரலும் கல்யாண ஆல்பமும் சேர்ந்து ஒரு மணநாள் பரிசு

கேள்வி: அடுத்த மாதம் அப்பா அம்மாவுக்கு 40-ஆவது கல்யாண நாள். கல்யாண ஆல்பமும், அப்பா சவூதியில் வேலை பார்த்தபோது இருவரும் பேசிப் பதிவு செய்து அனுப்பிக்கொண்ட நாலு கேசட்டும் வீட்டில் இருக்கின்றன. கடையில் வாங்குவதை விட, இவற்றை வைத்து நானே ஏதாவது செய்து கொடுக்க ஆசை. எப்படிச் செய்யலாம்?

பதில்: வேலையைக் கேசட்டிலிருந்து ஆரம்பியுங்கள். போட்டோ இன்னும் பத்து வருஷம் அப்படியே இருக்கும், கேசட் அப்படியில்லை. தவிர, எந்தப் படத்தை வைப்பது என்பதைக் குரல்தான் முடிவு செய்யப்போகிறது.

முதலில் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் உள்ள கண்ணாடி வழியாக டேப்பின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அதை பிளேயரில் போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். அந்த ஒன்றை மட்டும், இதைச் சுத்தம் செய்து மாற்றித் தருபவர்களிடம் கொடுத்துவிடலாம். விளிம்பு சுத்தமாக இருந்தால், கேசட்டின் பின்பக்க ஓரத்தில் உள்ள இரண்டு சின்ன பிளாஸ்டிக் தக்கைகளையும் உடைத்துவிடுங்கள். இனி யாராவது தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது.

டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கினால், ஒன்றுக்கும் உதவாத சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றை முதலில் போட்டுப் பாருங்கள். டேப்பைத் தின்னும் பிளேயர் அதைத் தின்னட்டும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சுக்குச்சியால் துடைத்த பிறகு, உங்கள் கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த டேப் ஒரே சீராகச் சுற்றிக்கொள்ளும்.

குரல் மங்கலாக, ஏறி இறங்கிக் கேட்டால் பெரும்பாலும் காரணம் ஒரு சின்னக் கம்பளித்துண்டு. கேசட்டின் திறந்த பக்கத்தில், டேப்புக்குப் பின்னால், நடுவில் ஒரு தகட்டின் மேல் அது ஒட்டியிருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்துவது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து விழுந்துவிடும். ஓட்டில் ஐந்து ஸ்குரூ இருந்தால் கழற்றி, இரண்டு சக்கரங்களையும் டேப்போடு தூக்கி, நல்ல கேசட் ஒன்றின் ஓட்டில் வைத்துவிடலாம். கம்பளி இருந்தும் குரல் மங்கலாகவே இருக்கிறதா? ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். பாட விட்டுக்கொண்டே அதை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். ‘ச’, ‘ஸ’ எல்லாம் எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள்.

இப்போது பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் வேண்டும். பல லேப்டாப்களில் உள்ள ஒற்றைத் துளை இதற்கு ஒத்துவராது. யூஎஸ்பியில் செருகும் சின்ன ஆடியோ அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. Audacity என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். பிளேயரின் வால்யூமைக் குறைவாக வைத்து, சத்தம் அதிகம் வரும் இடத்தில்கூட அளவுக்கோடு -6-ஐத் தாண்டாதபடி பாருங்கள். 0-ஐத் தொட்டுவிட்டால் வரும் கரகரப்பைப் பிறகு எதனாலும் எடுக்க முடியாது. ‘உஸ்’ என்ற இரைச்சலைத் தாராளமாகக் குறைக்கலாம். யாரும் பேசாத இரண்டு விநாடியைத் தேர்ந்து Noise Reduction-இல் Get Noise Profile கொடுங்கள். பிறகு முழுவதையும் தேர்ந்து 6 முதல் 9 டெசிபல் வரை குறையுங்கள், அது போதும். அதற்கு மேல் போனால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். பின்னணியில் கேட்கும் குக்கர் விசிலும் காக்காய்ச் சத்தமும் இருந்துவிட்டுப் போகட்டும். குரலோடு வீடும் அதில் பதிவாகியிருக்கிறது.

அப்புறம், எல்லாக் கேசட்டையும் நீங்கள் தனியாகக் கேளுங்கள். அது இரண்டு பேர் எழுதிக்கொண்ட கடிதம் மாதிரிதான். பணக்கஷ்டம், மாமியார் மேல் வருத்தம், வேறு யாருக்கும் சொல்லாத பேச்சு எல்லாம் அதில் இருக்கலாம். அந்தரங்கமாகப் படுவது காதில் விழுந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் போடத் தகுந்த ஏழு துண்டுகளை மட்டும், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள், வெட்டி எடுங்கள். ஏழு ஏன் என்று கீழே சொல்கிறேன். முழுப் பதிவைத் தனி பென்டிரைவில் போட்டு அவர்கள் இருவர் கையில் மட்டும் கொடுங்கள்.

துண்டுக்கு ஏற்ற படத்தை இப்போது தேடலாம். “பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருச்சா?” என்று அப்பா கேட்கும் இடம் இருந்தால், பக்கத்தில் கல்யாணப் படம் வேண்டாம். அந்த வருஷத்துக் குழந்தைப் படத்தை வையுங்கள். கீழே தேதி, ஊர் எல்லாம் எழுதுவதை விட, அந்த ஒரு வரியை அவர் பேசியபடியே கையால் எழுதினால் நன்றாக இருக்கும்.

ஒரிஜினல் படத்தை ஒட்டவே கூடாது, பிரிண்ட்தான். பிளாஸ்டிக் தாள் மூடிய பசை ஆல்பமாக இருந்தால் படத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, அறுப்பதுபோல் மெதுவாக நகர்த்துங்கள். அசையவில்லையா, அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ தாராளம். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தையும் கண்ணாடியோடேதான் எடுக்கவேண்டும்.

ஆல்பத்துக்கு 22-க்கு 28 அங்குலம் கெட்டிச் சார்ட் தாள் ஒன்று போதும். காகிதத்துக்கும் ஓட்டம் உண்டு. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அந்த வாட்டத்தில்தான் மடிப்பு விழவேண்டும். எதிர்வாட்டத்தில் மடித்தால் மடிப்பு வெடித்துப் பிசிறாகும். 28 அங்குல விளிம்புக்கு இணையாக மடிப்பு சுலபமாக விழும் தாளாகப் பார்த்து வாங்குங்கள். 7 அங்குல அகலம், 22 அங்குல நீளத்தில் மூன்று பட்டை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் 1 அங்குலம் ஒட்டுவதற்கு விட்டால், மீதி 7 அங்குலச் சதுரம் மூன்று. மூன்று பட்டையையும் ஒட்டி, கடைசியில் மிஞ்சும் 1 அங்குலத்தை வெட்டிவிட்டால் ஒன்பது சதுரம். மை தீர்ந்த பேனாவால் கோடு அழுத்திவிட்டு விசிறி மடிப்பாக மடியுங்கள். முதல் சதுரமும் கடைசிச் சதுரமும் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். படத்துக்கு மிஞ்சுவது ஏழு.

அட்டைக்கு அம்மாவின் பழைய பட்டு ரவிக்கைத் துணி அழகாக இருக்கும். (கூறைப் புடவையில் கத்திரி வைத்தால் பரிசு எடுபடாது.) நேராகப் பசை தடவினால் பட்டில் கறை ஊறித் தெரியும். காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸை உட்புறம் இஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு அட்டையில் பசை போடுங்கள். பிரிண்டுகளுக்கு வெள்ளைப் பசை வேண்டாம், தாள் அலையலையாகச் சுருங்கும். இரட்டைப் பக்க டேப் நல்லது.

குரலைக் கேட்க வைக்க, பலரும் க்யூஆர் கோடு ஒட்டுகிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. குரலை ஏற்றிவைத்த உங்கள் கூகுள் டிரைவ் கணக்கு மாறினால், அனுமதி மாறினால், கோடு வெறும் கட்டம். பேரன் பேத்திகளுக்காக வேண்டுமானால் ஒட்டுங்கள். அப்பா அம்மாவுக்குப் பென்டிரைவ் செருகும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். பென்டிரைவ் FAT32 வடிவத்தில் இருக்கட்டும். கோப்புகளுக்கு 01.mp3, 02.mp3 என்று பெயரிட்டு, பக்கங்களிலும் அதே எண்ணைப் போடுங்கள். மலிவு ஸ்பீக்கர்கள் பல, பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எது முதலில் காப்பி ஆனதோ அதைத்தான் முதலில் பாடும். அதனால் மொத்தமாக இழுத்துப் போடாமல், 01 முடிந்த பிறகு 02 என்று ஒவ்வொன்றாகக் காப்பி செய்து, அந்த ஸ்பீக்கரிலேயே ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள்.