நாலு லைன் போட்டும் பிஸி டோன் ஏன்?

வணக்கம் சார், எங்க ஆபீஸ்ல பிஸி அவர்ல 60 கால் ஓடுது, சராசரியா ஒரு கால் 3 நிமிஷம். அப்போ 180 நிமிஷம், 3 லைன் போதும்தானே? கூட ஒண்ணு சேர்த்து 4 ட்ரங்க் போட்டேன், அப்பவும் பிஸி டோன்னு கம்ப்ளெயின்ட். கணக்குல எங்க தப்பு?

— ஒரு வாசகர்

வணக்கம்.

பெருக்கல்ல தப்பே இல்ல. 180-ஐ 60-ஆல வகுத்தா 3, அதைத்தான் 3 எர்லாங் ட்ராஃபிக்னு சொல்வாங்க. ஆனா அது சராசரி, கால் எல்லாம் க்யூ கட்டி ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு வராது, ஒரு நிமிஷம் ஆறு பேர் சேர்ந்து கூப்பிடுவாங்க, அடுத்த நிமிஷம் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. இதுக்குத்தான் டென்மார்க்காரர் எர்லாங் 1917-ல ஒரு ஃபார்முலா கொடுத்தார், அதை லைன் லைனா ஏத்திப் போடலாம்:

```
B(0) = 1
B(n) = A*B(n-1) / (n + A*B(n-1))
```

A எர்லாங், n ட்ரங்க் எண்ணிக்கை, B லைன் கிடைக்காம போற வாய்ப்பு. A = 3 வச்சா முதல் லைனுக்கு 3/(1+3), அதாவது 0.75. ரெண்டாவதுக்கு 3-ஐ 0.75-ஆல பெருக்கினா 2.25, அதை 4.25-ஆல வகுத்தா 0.53. இப்படியே போனா 3 லைன்ல 35%, 4-ல 21%, 6-ல 5%, 7-ல 2.2%, 8-ல 0.8%. நூத்துக்கு ஒரு கால் போனா பரவாயில்லன்னா 8 ட்ரங்க் வேணும்.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருக்கும், ஆனா அந்த 60 எங்க எடுத்தீங்க? பில்லிங் லாக்ல இருந்துன்னா அது லைன் கிடைச்ச கால் மட்டும்தான், பிஸி டோன் கேட்டு வச்சவங்க அதுல இல்லவே இல்ல. 4 லைன்ல 3 எர்லாங் ஓடுதுன்னா ஒவ்வொரு லைனும் மணிக்கு 45 நிமிஷம் பிஸி, அதுவே ஆபத்து அறிகுறி. ஃபார்முலாவைத் திருப்பிப் பார்த்தா, 5 எர்லாங் வந்து மோதி அதுல 40% திரும்பிப் போனாத்தான் 3 உள்ள ஓடும். அந்த 5-க்கு 8 ட்ரங்க் போட்டா இன்னும் 7% போகும், 1%-க்குக் கீழ வர 11 ஆகும்.

அதுக்காக உடனே 11 வாங்கிடாதீங்க. பிஸி டோன் கேட்டவர் சும்மா இருக்க மாட்டார், ரீடயல் அடிச்சுக்கிட்டே இருப்பார், ஒரே ஆள் மூணு தடவை எண்ணப்பட்டிருப்பார், ஃபார்முலாவோ போனவர் திரும்ப வரவே மாட்டார்னு வச்சுத்தான் போட்டது. அதனால நிஜ டிமாண்ட் 3-க்கும் 5-க்கும் நடுவுல எங்கயோ இருக்கு. நானா இருந்தா 8 போட்டு ரெண்டு வாரம் பிஸி அவர்ல மறுபடி அளப்பேன், லைன் நிறைய இருந்தா லாக்ல தெரியுற ட்ராஃபிக்கும் உண்மையா வர்றதும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடும். 3 பக்கமே நின்னா விட்டுடுங்க, 4-ஐ தாண்டிச்சுன்னா அந்தப் புது A-வை வச்சு மறுபடி போடுங்க. பிபிஎக்ஸ்ல எல்லா ட்ரங்க்கும் பிஸியான தடவையை எண்ற கவுன்டர் இருந்தா அதையும் ஆன் பண்ணி வைங்க.