பதிவு வராத நாளைப் பூஜ்யமாக வரையாதீர்கள்

கேள்வி: மேட்டூர் அணையின் நீர்மட்டத்தையும் அருகிலுள்ள ஒரு நிலையத்தின் மழையளவையும் பாண்டாஸில் தினமும் புதுப்பித்துக் கோட்டு வரைபடமாக வெளியிடுகிறேன். சில நாள் பதிவு வராவிட்டால் கோடு பூஜ்யத்துக்கு விழுந்து எழுகிறது. என்ன செய்வது?

முதலில் உங்கள் நிரலில் `fillna(0)` இருக்கிறதா என்று தேடி, இருந்தால் நீக்கிவிடுங்கள். முழுக் கொள்ளளவில் 120 அடி நிற்கும் அணை ஒரே இரவில் வற்றாது என்பது பார்ப்பவருக்குத் தெரியும். ஆனால் சராசரிக் கணக்குக்குத் தெரியாது. வாரம் முழுவதும் 90 அடியாக இருந்த நீர்மட்டத்தில் இரண்டு நாள் பூஜ்யம் புகுந்தால் வாரச் சராசரி ஏறத்தாழ 64 அடி என்று வரும்.

பூஜ்யத்தை நீக்குவதோடு நிறுத்தினால் அடுத்த பொய் தொடங்குகிறது. விடுபட்ட தேதிக்கு வரிசையே இல்லாதபோது, வரைபடம் முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துவிடும். அந்தத் தேதி வெற்று மதிப்போடு அட்டவணையில் இருந்தால்தான் கோடு அறுபடும்:

```python
level = level.asfreq("D")
ax.plot(level.index, level, marker=".")
```

இதில் `marker` அலங்காரத்துக்காக வைக்கப்படவில்லை. இருபுறமும் இடைவெளி உள்ள ஒற்றை நாளுக்குக் கோடே வராது என்பதால், புள்ளி இல்லையேல் வந்த பதிவும் மறைந்துபோகும்.

மழையளவின் கதை வேறு. அங்கே பூஜ்யம் என்பது உண்மையான அளவீடு: ஒருவர் மழைமானியைப் பார்த்து, மழை இல்லை என்று எழுதியிருக்கிறார். அந்தப் பூஜ்யத்தை இடைவெளியாக்குவதும் பொய்தான். யாரும் பார்க்காத நாளைப் பூஜ்யமாக்கினால் மழை பெய்த நாளும் வறண்ட நாளாகிவிடும். அளந்து எழுதிய பூஜ்யமும் அளக்காமல் நிரப்பிய பூஜ்யமும் கோட்டில் ஒன்றுபோலவே தெரிவதால், அணை மட்டத்தைப் போலப் பார்த்தவுடன் பிழையைக் கண்டுபிடிக்கவும் முடியாது. நாள் மொத்தம் எடுக்கும் `sum()` இதில் ஒரு பொறி. எந்தப் பதிவும் இல்லாத நாளுக்கு அது சத்தமில்லாமல் 0 தரும். மூன்று மணிக்கு ஒரு முறை பதிவு அனுப்பும் நிலையமாக இருந்தால் நாளுக்கு எட்டும் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்:

```python
rain = rain.resample("D").sum(min_count=8)
```

தரவு அனுப்பும் அலுவலகமே வராத பதிவுக்கு 0 என்று தட்டி அனுப்பினால் உங்கள் நிரலால் அதைப் பிரித்தறிய முடியாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், படிவம் காலியை ஏற்காது என்றே பதில் வருகிறது. அந்தப் படிவத்தைத் திருத்த மட்டும் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. "தானாக நிரப்பும் வசதி" என்று டாஷ்போர்டு விற்க வருபவர்களிடம் ஒன்றே கேளுங்கள்: நிரப்பிய நாள் எது, அளந்த நாள் எது என்று படத்தில் காட்டுவீர்களா? பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக, கிடைமட்ட அச்சை இன்றைய தேதி வரை நீட்டிவிடுங்கள். மூன்று நாளாகப் பதிவு வரவில்லை என்றால் வலது ஓரம் காலியாகத் தெரியும்; நீட்டாவிட்டால் பழைய கடைசி நாளையே வாசகர் இன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்வார்.