ஏழு நிமிடம் உதைக்கிறதே!

கேள்வி: வீட்டில் ராகு காலத்தை நானே கணிக்க விரும்பி, முதலில் பகல் நீளத்தைப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூரின் அட்சரேகை φ = 1.35°. ஜூன் 21 அன்று சூரியன் வான நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்கும் கோணம், அதாவது கிராந்தி, δ = 23.44°. cos H = −tan φ × tan δ என்ற சூத்திரப்படி 12 மணி 5 நிமிடம் வந்தது. ஆனால் அன்று உதயம் காலை 7.00, அஸ்தமனம் மாலை 7.12 என்று நாளிதழில் போட்டிருக்கிறார்கள். ஏழு நிமிடம் எங்கே போனது? 'சிங்கப்பூர்த் திருத்தம்' செய்து தருவதாகச் சொல்லி ஒருவர் 90 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, யீஷூன்

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கிலும் தப்பில்லை. நீங்கள் போட்ட சூத்திரம் 'உதயம்' என்று எதைச் சொல்கிறதோ, நாளிதழ் அதைச் சொல்வதில்லை. அவ்வளவுதான் சங்கதி.

சூத்திரத்தில் வரும் H, சூரியன் உதித்ததிலிருந்து உச்சிக்கு வரும்வரை பூமி திரும்பும் கோணம். உங்களுக்கு அது 90.59° வந்திருக்கும். உச்சியிலிருந்து மறைவுவரைக்கும் அதே அளவு. எனவே இரண்டால் பெருக்கி, மணிக்கு 15° என்று வகுத்தால் 12.08 மணி. இதுவரை சரி. ஆனால் இந்தச் சூத்திரம் சூரியனை ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் புள்ளி, காற்றே இல்லாத ஓர் உலகில், சரியாக அடிவானத்தில் நிற்கும் கணம்தான் அதற்கு உதயம்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். நங்கூரமிட்ட கப்பல்களுக்குப் பின்னால் சூரியனின் மேல்விளிம்பு ஒரு கீற்றாகத் தெரிந்தவுடனேயே 'உதித்துவிட்டது' என்கிறோம். நடுப்புள்ளி அப்போது இன்னும் கீழேதான் இருக்கிறது. சூரியனின் பாதி அகலம் ஒரு பாகையில் 60இல் 16 பங்கு. அதோடு, காற்று ஒளியை வளைத்து, கீழே கிடக்கும் சூரியனை நமக்குத் தூக்கிக் காட்டுகிறது. அது இன்னும் 34 பங்கு. முழு வட்டமும் கடல்மேல் அப்போதுதான் உட்கார்ந்ததுபோல் தெரிகிறதே, அந்த நேரத்தில் உண்மையான சூரியன் முழுவதுமாக அடிவானத்துக்குக் கீழே இருக்கிறது! இரண்டையும் கூட்டினால் 50 பங்கு, அதாவது 0.833°. நாளிதழும் வானிலை அலுவலகங்களும் உதயம் என்று சொல்வது சூரியன் −0.833° உயரத்தில் இருக்கும் கணத்தை. அந்தக் கோணத்தைச் சேர்த்த சூத்திரம் இது:

```
cos H = (sin(−0.833°) − sin φ × sin δ) / (cos φ × cos δ)
```

ஜூன் 21க்குப் போடுவோம். மேலே −0.01454, அதிலிருந்து 0.00937 போனால் −0.02391. கீழே 0.91722. வகுத்தால் −0.02607. H = 91.49°. இரண்டால் பெருக்கி 15ஆல் வகுத்தால் 12.20 மணி.

இங்கேதான் ஒரு பள்ளம். 12.20 என்பது 12 மணி 20 நிமிடம் அல்ல. புள்ளிக்குப் பின்னால் இருப்பது மணியின் பின்னம், 0.20ஐ 60ஆல் பெருக்கினால் 12 நிமிடம். 12 மணி 12 நிமிடம், நாளிதழில் இருப்பதேதான். சிரிக்காதீர்கள். என் புளோக்கில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய தாளைக் கொண்டுவந்து காட்டினார். பளபளப்பான தாள், மேலே பிள்ளையார் படம், 'பகல்: 12.20'. அதை 12 மணி 20 நிமிடமாக எடுத்து எட்டால் வகுத்து, வருடம் முழுவதற்கும் ராகு காலம் போட்டிருந்தார்கள். போட்டவருக்குத் தசமமும் தெரியவில்லை, பகல் நீளம் மாறும் என்பதும் தெரியவில்லை. இந்த 'திருத்தம்' வியாபாரத்தில் நான் பார்த்த சரக்கெல்லாம் இப்படித்தான். சென்னை அட்டவணையை எடுத்து, இந்தியாவுக்கும் நமக்கும் இடையிலுள்ள இரண்டரை மணி நேரத்தை அப்படியே கூட்டிவிட்டுத் திருத்தம் என்பவர்களும் உண்டு. அது கடிகாரத்தைத் திருப்புவது. சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று, கால்குலேட்டர். sin 30 தட்டிப் பாருங்கள். 0.5 வந்தால் பாகையில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, மாற்றாமல் தொடாதீர்கள்.

இப்போது டிசம்பர் 21. கிராந்தி −23.44°, அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடக் கூடாது. பழைய சூத்திரம் 11 மணி 55 நிமிடம் என்று சொல்லும். புதியது 12 மணி 3 நிமிடம் சொல்லும், உதயம் 7.01, அஸ்தமனம் 7.04 என்பதோடு ஒத்துப்போகும். 0.833° கணக்குப்படி சிங்கப்பூரில் வருடத்தில் எந்த நாளும் பகல் 12 மணிக்குக் குறைவதே இல்லை. மார்ச் மாதம் பகலும் இரவும் சமம் என்கிறார்களே, அன்றும் இங்கே பகல் 12 மணி 7 நிமிடம். என் பேத்தி இதைத் தேர்வில் எழுதிச் சிவப்பு மையில் கோடு வாங்கி வந்தாள். ஆசிரியரைக் கேட்டேன், 'விடைத்தாளில் 12 என்றுதான் இருக்கிறது' என்றார். சன்னலைத் திறந்து சூரியனைப் பார்த்தாலும் விடைத்தாளைத்தான் நம்புவார்கள்போல.

உங்கள் 12 மணி 5 நிமிடம் சரியாக இருக்கக்கூடிய ஓர் இடம் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாளை நீங்களே என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். எல்லாப் பஞ்சாங்கமும் மேல்விளிம்பை எடுப்பதில்லை. வட்டத்தின் நடுப்புள்ளிதான் உதயம், காற்றின் வளைவு வேண்டாம் என்று கணிக்கும் மரபு உண்டு. அங்கே கோணம் 0°, ஜூன் 21க்கு உங்கள் விடையேதான். நடுப்புள்ளியை வைத்துக்கொண்டு வளைவை மட்டும் சேர்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கோணம் −0.567°, அதே நாளுக்கு 12 மணி 10 நிமிடம் வரும். ஒரே ஊர், ஒரே நாள், மூன்று விடை, மூன்றும் நேர்மையானவை. தேக்காவில் வாங்கிய இரண்டு நாட்காட்டிகள் சில நிமிடம் முரண்பட்டால் இது காரணமாக இருக்கலாம். முன்னுரையில் எந்தக் கோணம் என்று ஒரு வரி அச்சிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த ஒரு வரியை யாரும் போடமாட்டார்கள். முன்னுரை முழுக்க வாழ்த்துரை.

உங்கள் குடும்பம் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறதோ, அதன் கோணத்தையே சூத்திரத்தில் போடுங்கள். அது தெரியாவிட்டால் ஜூன் 21க்கு அதில் கொடுத்துள்ள உதயத்தையும் அஸ்தமனத்தையும் கழித்துப் பாருங்கள். 12 மணி 5, 10, 12 நிமிடம், இந்த மூன்றில் எதற்கு அருகில் வருகிறதோ அதுதான். ராகு காலத்துக்கு இது பெரிய வித்தியாசமும் இல்லை. பகலை எட்டாகப் பிரிக்கும்போது ஏழு நிமிடம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகிவிடும். உதய நேரம்தான் மூன்றரை நிமிடம் நகரும்.

தொண்ணூறு வெள்ளிக்காரர் மறுபடி வந்தால், 'உதயத்துக்கு எந்தக் கோணம் எடுக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். 0 என்றோ 0.833 என்றோ சொன்னால் உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். தன் குருநாதர் பெயரைச் சொன்னால் கதவைச் சாத்திவிடலாம்.