தூஷணம் பேசும் அண்ணனை நம்பிச் சீட்டுக் கட்டலாமா?

"என் அண்ணன் லொறி ஓட்டுகிறவர், வாயைத் திறந்தால் தூஷணம்தான். எனக்கோ எவ்வளவு கோபம் வந்தாலும் ஒரு சொல் வராது. வேறு சொல் தெரியாதவன்தான் தூஷணம் பேசுவான் என்கிறார் என் கணவர். அப்படிப் பேசுகிறவன் மனதில் ஒன்றையும் ஒளிக்கமாட்டான் என்கிறார் அம்மா. அண்ணன் தொடங்கும் சீட்டில் மாதம் 5,000 ரூபா கட்டலாமா?" – பொகவந்தலாவை வாசகி

உங்கள் கணவரின் கருத்தை நேரடியாகச் சோதித்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்களான கிறிஸ்டின் ஜே, திமொதி ஜே ஆகிய இருவர். 2015இல் வெளியான அவர்களது ஆய்வில், கல்லூரி மாணவர்கள் குறிப்பிட்ட ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் இயன்றவரை சொன்னார்கள். விலங்குகளின் பெயர்களையும், தூஷணச் சொற்களையும் அதேபோல் நிமிடக் கணக்கில் சொன்னார்கள். சொற்பஞ்சம்தான் தூஷணத்துக்குக் காரணம் என்றால், தூஷணத்தை அடுக்கியவர்கள் மற்றவற்றில் திணறியிருக்க வேண்டும். ஆனால் பொதுச் சொற்களைச் சரளமாகச் சொன்னவர்களே தூஷணத்திலும் முந்தினார்கள். நினைவிலிருந்து சொல்லை விரைவாக எடுக்கும் திறன் இரண்டுக்கும் ஒன்றே என்பதுதான் இதன் பொருள்; தூஷணம் பேசினால் சொல்வளம் பெருகும் என்பதல்ல. மேலும், கேட்டால் எத்தனை சொல்ல முடியும் என்பதைத்தான் அந்தச் சோதனை அளந்தது. தெருவில் எத்தனை முறை சொல்கிறார் என்பதை அல்ல. கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடம் தந்தால், நீங்களும் ஒரு பட்டியல் சொல்லிவிடக்கூடும்.

தெரிந்த சொல் ஏன் உங்கள் வாயில் வருவதில்லை? துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு, பின்னர் ஆங்கிலம் கற்றவர்களிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சொற்களைக் கேட்கும்போது தோலில் வியர்வையால் ஏற்படும் நுண்ணிய மின்மாற்றத்தை அளந்தார்கள். தூஷணச் சொற்களும், சிறுவயதில் பெரியவர்கள் திட்டும் வாக்கியங்களும், தாய்மொழியில் கேட்கும்போதே உடலை அதிகம் உலுக்கின. லயத்து வாசலில் ஒரு சொல்லுக்காக வாங்கிய அடி அந்தச் சொல்லோடு சேர்ந்தே உங்களுக்குள் பதிந்திருக்கும்; லொறிக்காரர்கள் நடுவே அதை நாளுக்கு நூறு தடவை சொல்லியும் ஓர் அடியும் வாங்காத உங்கள் அண்ணனுக்கோ அந்தக் கூச்சம் தேய்ந்திருக்கும். தமிழில் வாய் கூசும் நம்மவர் சிலர், ஹட்டன் பஸ் நிலையத்தில் சிங்களத்தில் மட்டும் தயங்காமல் திட்டுவதை நானே கேட்டிருக்கிறேன்.

அம்மாவின் கருத்துக்கும் ஓர் ஆய்வு துணை நிற்பதுபோலத் தோன்றும். தூஷணம் பேசுவோர் கூடுதல் நேர்மையானவர்கள் என்று கிலாட் ஃபெல்ட்மனும் மற்றவர்களும் 2017இல் எழுதியது செய்திகளில் வேகமாகப் பரவியது. அவர்கள் நேர்மையை அளந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பகுதியில், 'பிறருடைய ஓர் ஊசியையோ பொத்தானையோகூட நீங்கள் எப்போதாவது எடுத்திருக்கிறீர்களா?' என்ற வகைக் கேள்விகள் கேட்கப்பட்டன. 'இல்லை' என்றவர் தன்னை நல்லவராகக் காட்டப் பொய் சொல்கிறார் என்று கணக்கிட்டார்கள். உண்மையிலேயே எடுக்காத ஒருவர் 'இல்லை' என்றாலும் அவர் பெயரில் பொய்ப் புள்ளி விழும். தூஷணம் பேசாத, ஒழுங்கைப் பேணும் உங்களைப் போன்றவர்கள்தான் அதில் முதலில் சிக்குவார்கள். இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி டி வ்ரீஸ் குழுவினர் 2018இல் மறுப்பு எழுதினார்கள். நேர்மைக்கென்றே அமைந்த ஆளுமை அளவுகோலை வைத்துப் பார்த்தால், நேர்மையானவர்கள் தூஷணம் பேசுவது குறைவு என்றே தெரிகிறது என்றார்கள்.

இன்னொரு பகுதியில் ஏறத்தாழ 74,000 ஃபேஸ்புக் பயனர்களின் பதிவுகளை எடுத்து, பொய்யர்கள் 'நான்' போன்ற சொற்களைக் குறைவாகப் பயன்படுத்துவார்கள் என்ற முந்தைய ஆய்வின் வழியில் சொற்களை எண்ணினார்கள். தமிழில் 'வந்தேன்' என்ற ஒரு சொல்லிலேயே 'நான்' அடங்கிவிடுவதால், இந்த எண்ணிக்கை முறையை நம் பேச்சுக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. அதிலும் கிடைத்த தொடர்பு பலவீனமானது. பல்லாயிரம் பேரின் சராசரியில் தெரியுமே தவிர, ஒரு தனி ஆளைப் பார்த்துத் தீர்மானிக்க உதவாது.

ஆகவே சீட்டு விடயத்தில் அண்ணனின் வாயை இரு பக்கமும் கணக்கில் எடுக்காதீர்கள். முன்பு அவர் சீட்டு நடத்தியிருந்தால், அந்தக் கொப்பியைக் கேளுங்கள். கடைசி இரண்டு மாதங்களில் சீட்டெடுத்தவர்கள் யாரென்று பார்த்து, சொன்ன திகதிக்கு முழுத் தொகையும் கைக்கு வந்ததா என்று அவர்களிடமே விசாரியுங்கள். சீட்டு முறிந்தால் அடிபடுபவர்கள் கடைசியில் எடுப்பவர்கள்தான். முதல் தடவையாகத்தான் நடத்துகிறார் என்றால், முன்வரிசையில் ஒரு மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். மாதாமாதம் கட்டும் 5,000 ரூபாவுக்கும் கொப்பியில் கையெழுத்து வாங்குங்கள்.